சூடான டீயில் கிரியேட்டின்: வெப்பம் கெடுக்குமா, கஃபீன் தடுக்குமா?

உடற்பயிற்சிக்காகக் கிரியேட்டின் பவுடர் வாங்கி வைத்திருப்பவர்களிடம் இரண்டு எச்சரிக்கைகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. சூடான பானத்தில் கலந்தால் அது "செத்துவிடும்" என்பது ஒன்று. டீ, காபியில் உள்ள கஃபீன் அதன் பலனை "அடித்துவிடும்" என்பது மற்றொன்று. இரண்டையும் சேர்த்துக் கேட்டவர், காலை டீயை ஒரு பக்கமும் பவுடரை ஒரு பக்கமும் வைத்துவிட்டு, நடுவில் எத்தனை மணி நேரம் இடைவெளி விடுவது என்று தேடத் தொடங்கிவிடுகிறார்.

இரண்டு எச்சரிக்கைகளுக்குப் பின்னாலும் உண்மையான அறிவியல் உண்டு. முதலாவது ஒரு வேதிவினையைப் பற்றியது, இரண்டாவது 1996இல் வெளிவந்த ஒரு பெல்ஜிய ஆய்வைப் பற்றியது. அவை எந்த அளவில், எந்தச் சூழலில் பொருந்தும் என்பதுதான் வழியில் தொலைந்துபோன செய்தி.

## முதலில், இந்தப் பவுடர் உடலில் என்ன செய்கிறது?

கிரியேட்டின் நம் உடலே தயாரிக்கும் பொருள். சிறுநீரகமும் கல்லீரலும் மூன்று அமினோ அமிலங்களைக் கொண்டு அதைச் செய்கின்றன. இறைச்சி, மீன் வழியாகவும் கிடைக்கிறது. உடலில் இருக்கும் கிரியேட்டினில் ஏறத்தாழ 95 சதவீதம் எலும்புத் தசைகளில்தான் தங்குகிறது. அதில் பெரும்பகுதி பாஸ்போகிரியேட்டின் என்ற வடிவில் இருக்கும். கனமான எடையைத் தூக்கும்போதோ வேகமாக ஓடும்போதோ தசை தன் ஆற்றலைச் சில நொடிகளில் தீர்த்துவிடும். அதை உடனே நிரப்பித் தருவது இந்தப் பாஸ்போகிரியேட்டின்.

தினமும் 3 முதல் 5 கிராம் பவுடர் எடுத்துக்கொள்வதன் நோக்கம் இந்தக் கையிருப்பை நிரப்பி வைப்பதுதான். நாளுக்கு 3 கிராம் எடுத்தாலே ஏறத்தாழ நான்கு வாரத்தில் தசை நிறைந்துவிடும் என்று 1996இல் ஹல்ட்மன் என்ற ஆய்வாளரின் குழுவினர் காட்டினார்கள். நாளுக்கு 20 கிராம் வீதம் எடுத்தால் ஆறு நாளில் அதே நிலை வந்துவிடும். நிறுத்திய பிறகு கையிருப்பு பழைய நிலைக்கு இறங்கவும் நான்கு வாரத்துக்குக் குறையாமல் ஆகும்.

இந்த மெதுவான ஏற்ற இறக்கத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். கிரியேட்டின் குடித்த அரை மணியில் வேலை செய்யும் பொருள் இல்லை. வாரக்கணக்கில் சேர்ந்த கையிருப்புதான் வேலை செய்கிறது. ஆகவே ஒரு வேளை டம்ளரில் ஒரு சதவீதம் வீணானால் தசைக்கு அது தெரியவே தெரியாது. வீணாவது கால் பங்காக இருந்து அது தினமும் நடந்தால் மட்டுமே கவலை. அப்படியானால் டீயில் எவ்வளவு வீணாகிறது?

## கரைவதும் சிதைவதும்

சூடான திரவத்தில் கிரியேட்டினுக்கு இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. குழப்பமெல்லாம் இவை இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வருவது.

1. கரைதல். பவுடரின் படிகங்கள் உடைந்து திரவத்தில் பரவுகின்றன. மூலக்கூறு மாறவில்லை, கிரியேட்டின் கிரியேட்டினாகவே இருக்கிறது. கண்ணாடி டம்ளரில் பவுடர் மறைந்துவிட்டால் நடந்தது இதுதான்.

2. சிதைதல். மூலக்கூறிலிருந்து ஒரு நீர் மூலக்கூறு கழன்று, மிச்சம் வளையமாக மூடிக்கொள்கிறது. இப்படி உருவாகும் பொருளின் பெயர் கிரியேட்டினின். இரத்தப் பரிசோதனையில் சிறுநீரக அளவாகப் பார்க்கப்படுவதும் இதே பொருள். இதனால் தசைக்குப் பயன் எதுவும் இல்லை, சிறுநீரில் வெளியேறிவிடும். டம்ளரில் உருவாகும் சிறு அளவால் கெடுதலும் இல்லை. காசு வீண், அவ்வளவே.

கரைதலில் சூடு நமக்கு உதவிதான் செய்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் 20 டிகிரி செல்சியஸில் நாம் வாங்கும் வழக்கமான பவுடரான கிரியேட்டின் மோனோஹைட்ரேட் ஏறத்தாழ 14 கிராம் கரையும். 50 டிகிரியில் 34 கிராம், 60 டிகிரியில் 45 கிராம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த 4 டிகிரித் தண்ணீரில் 6 கிராம்தான். ஷேக்கரில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி எவ்வளவு குலுக்கினாலும் அடியில் மணல் மாதிரி தங்குவதற்கு இதுதான் காரணம்.

இதை ஒரு டம்ளருக்குக் கணக்கிட்டுப் பார்க்கலாம். வீட்டு டம்ளர் டீ 150 மி.லி. என்று வைத்துக்கொள்வோம். 60 டிகிரியில் அதில் 6.75 கிராம் வரை கரையும். 5 கிராம் பவுடர் முழுதும் கரைந்துவிடும். அதே டம்ளர் 50 டிகிரிக்கு ஆறினால் 5.1 கிராம், இன்னும் தாங்கும். அறைச் சூட்டுக்கு ஆறிவிட்டால் 2 கிராம் சொச்சம்தான் கரைசலில் நிற்கும். மீதி மெல்ல மெல்லப் படிகமாகி அடியில் இறங்கத் தொடங்கும்.

டீக்கடைக் கண்ணாடி கிளாஸ் 100 மி.லி. கூட வராது. அதில் 5 கிராம் போட்டால் நல்ல சூட்டிலும் கொஞ்சம் மிஞ்சும். அந்த அளவு டீக்கு 3 கிராம்தான் பொருத்தம்.

## சூடு எவ்வளவு சிதைக்கிறது?

பவுடராக, காய்ந்த நிலையில் இருக்கும்போது கிரியேட்டின் மோனோஹைட்ரேட் மிக உறுதியான பொருள். மாதக்கணக்கில் 60 டிகிரிச் சூட்டில் வைத்தாலும் அதில் கிரியேட்டினின் சுவடளவுக்குத்தான் தோன்றுகிறது. டப்பா கோடை வெயிலில் அறைக்குள் இருந்ததற்காகக் கவலைப்பட வேண்டாம். ஈரம் புகாமல் மூடி வைத்தால் போதும்.

தண்ணீரில் கரைந்த பிறகுதான் சிதைவு தொடங்குகிறது. அதன் வேகத்தை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: திரவத்தின் புளிப்பு, அதாவது அமிலத்தன்மை, அதன் வெப்பநிலை, எவ்வளவு நேரம் அப்படியே இருக்கிறது என்பது. இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்க்காமல் வெப்பத்தை மட்டும் பார்ப்பதால்தான் "சூடு பட்டால் செத்தது" என்ற முடிவுக்குப் போய்விடுகிறார்கள்.

அமிலத்தன்மையை பிஎச் என்ற அளவால் குறிப்பது வழக்கம். 7 என்றால் நடுநிலை. எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். 25 டிகிரியில் மூன்று நாள் வைத்திருந்த கரைசல்களில் அளந்து பார்த்தவை இவை: பிஎச் 5.5இல் 4 சதவீதம் சிதைந்தது, 4.5இல் 12 சதவீதம், 3.5இல் 21 சதவீதம். நடுநிலையை ஒட்டிய கரைசலில் சிதைவு மிகச் சொற்பம்.

நாம் குடிப்பவை இந்த அளவில் எங்கே நிற்கின்றன? பால் ஏறத்தாழ 6.6 அல்லது 6.7. அதனால் பால் கலந்த டீயும் காபியும் 6க்கு மேல் நடுநிலையை ஒட்டியே நிற்கும். பாலில்லாத கடுங்காப்பி 5 வாக்கில் இருக்கும். எலுமிச்சை பிழிந்த டீ 3 பக்கம் இறங்கிவிடும். நம் வீடுகளில் அதிகம் குடிக்கும் பால் டீதான் கிரியேட்டினுக்கு இவற்றில் மிகவும் பாதுகாப்பான இடம் என்பது பலர் எதிர்பார்க்காத தகவல்.

இனி வெப்பத்தைச் சேர்ப்போம். பொதுவாக ஒரு வேதிவினை ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இரண்டு முதல் மூன்று மடங்கு வேகமெடுக்கும். நமக்குப் பாதகமாகவே இருக்கட்டும் என்று இரண்டரை, மூன்று மடங்கு என எடுத்துக்கொள்ளலாம். 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குப் போனால் வேகம் ஏறத்தாழ 40 முதல் 80 மடங்கு ஆகிறது. கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் எதை 80ஆல் பெருக்குகிறோம் என்று பாருங்கள். பிஎச் 5.5இல் 4 சதவீதம் சிதைய 72 மணி நேரம் ஆகும். அது 80 மடங்கு வேகமெடுத்தால் 54 நிமிடம். 40 மடங்கு என்றால் 108 நிமிடம். டீயைக் குடித்து முடிக்க 15 நிமிடம் ஆகிறது என்றால் சிதைவது அரை முதல் ஒரு சதவீதம்தான். 5 கிராமில் அது 25 முதல் 55 மில்லிகிராம் வரை. டீ குடிக்கக் குடிக்க ஆறுவதால் உண்மையில் இன்னும் குறைவு. பால் டீ 5.5ஐ விட நடுநிலைக்கு நெருக்கம் என்பதால் அதிலும் குறைவு.

இது மதிப்பீடுதான், துல்லியமான அளவீடு இல்லை. ஆனாலும் முடிவை மாற்றும் அளவுக்கு இதில் பிழை வர இடமில்லை. ஸ்கூப்பைத் தலைதட்டி அளப்பதற்கும் குவித்து அளப்பதற்கும் இடையிலான வித்தியாசமே இதைப் போலப் பல மடங்கு.

இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. கிரியேட்டின் தசையில் சேர்கிறது, திறனைக் கூட்டுகிறது என்று 1990களில் நிறுவிய தொடக்ககால ஆய்வுகள் பலவற்றில் பவுடரைக் கரைத்துக் கொடுத்ததே வெந்நீரிலும் சூடான டீ, காபியிலும்தான். குளிர்ந்த தண்ணீரில் அது சரியாகக் கரையாது என்ற அதே காரணத்துக்காக அப்படிச் செய்தார்கள். இந்தப் பவுடர் வேலை செய்கிறது என்று நமக்குத் தெரிய வந்ததே சூடான பானத்தில் கலந்து குடித்தவர்களின் வழியாகத்தான்.

"புளிப்பில் சிதையும் என்றால் வயிற்று அமிலத்தில் முழுதும் போய்விடுமே?" என்று ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்வி. இரைப்பை அமிலம் பிஎச் 1 முதல் 2 வரை மிகக் கடுமையானது. அந்த அளவில் கிரியேட்டின் மூலக்கூறு ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பற்றிக்கொள்கிறது. அந்த வடிவில் அது வளையமாக மூட முடியாது. அதனால் பிஎச் 2.5க்குக் கீழே சிதைவின் வேகம் திரும்பவும் சரிந்துவிடுகிறது. வாய்வழி எடுக்கும் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் ஏறத்தாழ முழுதும் குடல் வழியே உடலுக்குள் போய்ச் சேர்கிறது.

## எப்போது உண்மையிலேயே வீணாகும்?

நேரமும் சூடும் கூடினால் மேலே போட்ட கணக்கு மாறும். மூன்று பழக்கங்களைத் தவிர்க்க வேண்டும்.

1. அடுப்பில் சேர்த்துக் கொதிக்க விடுவது. டீத்தூள், சர்க்கரையோடு கிரியேட்டினையும் பாத்திரத்தில் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்க விட்டால் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ போகலாம். 100 டிகிரி வரை நீட்டிக் கணக்கிடும்போது பிழையும் பெருகும் என்பதால் துல்லியமான எண் சொல்வது சரியாகாது. தவிர்ப்பதில் நமக்கு எந்தச் சிரமமும் இல்லை என்பதால் தவிர்த்துவிடலாம். கொதித்து இறக்கி, வடிகட்டிய பிறகு கலக்குங்கள்.

2. பிளாஸ்கில் கலந்து எடுத்துப் போவது. இதுதான் பலர் அறியாமல் செய்வது. காலை ஆறு மணிக்கு கடுங்காப்பியில் கலந்து பிளாஸ்கில் ஊற்றி, பத்து மணிக்குக் குடிக்கிறார் ஒருவர். பிளாஸ்க் 65 டிகிரியை விடாமல் பிடித்துவைத்திருந்தால், முன்பு போட்ட அதே கணக்கைக் கடுங்காப்பியின் கூடுதல் புளிப்புக்கு, அதாவது பிஎச் 5க்குப் போட்டால், நான்கு மணி நேரத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கிலிருந்து கால் பங்குக்கும் சற்று மேல் வரை சிதைந்திருக்கும். திரவத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. நிறமும் தெளிவும் அப்படியேதான் இருக்கும். காபியைப் பிளாஸ்கிலும் பவுடரைச் சிறு டப்பியிலும் தனித்தனியாக எடுத்துப் போனால் பிரச்சினை இல்லை.

3. எலுமிச்சை டீயில் கலந்து வைப்பது. சூடாக இருக்கும்போதே 15 நிமிடத்தில் குடித்தால் 3 முதல் 6 சதவீதம் போகலாம். அதுவும் பொருட்படுத்த வேண்டியதில்லை. கலந்துவிட்டு மணிக்கணக்கில் வைத்தால்தான் இழப்பு.

பிளாஸ்க் பழக்கத்தில்கூடப் பலன் பூஜ்யம் ஆகிவிடாது. 5 கிராமில் கால் பங்கு போனாலும் மிஞ்சுவது ஏறத்தாழ 3.75 கிராம், பலருக்கு அதுவே போதுமான அளவு. 3 கிராம் மட்டும் எடுப்பவருக்குத்தான் அது குறைவாகப் போய்விடும்.

## கஃபீன் பற்றிய கேள்வி எங்கிருந்து வந்தது?

1996இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்பது ஆண்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒவ்வொருவரும் மூன்று கட்டங்களைக் கடந்தார்கள்: வெற்று மாத்திரை, கிரியேட்டின் மட்டும், கிரியேட்டினோடு கஃபீன். கிரியேட்டின் ஆறு நாள், உடல் எடையில் கிலோவுக்கு அரை கிராம் வீதம். கஃபீன் கடைசி மூன்று நாள், கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம். முட்டியை நீட்டி விசை கொடுக்கும் சோதனையில் கிரியேட்டின் மட்டும் எடுத்த கட்டத்தில் விசை 10 முதல் 23 சதவீதம் உயர்ந்தது. கஃபீன் சேர்ந்த கட்டத்தில் அந்த உயர்வு காணப்படவில்லை. "கஃபீன் கிரியேட்டினின் பலனை அழிக்கிறது" என்ற பேச்சின் ஊற்றுக்கண் இதுதான்.

அதே ஆய்வில் இருந்த இன்னொரு முடிவு அவ்வளவாகப் பரவவில்லை. தசையில் பாஸ்போகிரியேட்டின் அளவை அவர்கள் நேரடியாக அளந்தார்கள். கஃபீன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஒரே மாதிரி, 4 முதல் 6 சதவீதம் உயர்ந்திருந்தது. அதாவது கிரியேட்டின் தசைக்குப் போய்ச் சேர்வதைக் கஃபீன் தடுக்கவில்லை. "கஃபீன் உறிஞ்சலைத் தடுக்கும்" என்று சொல்பவர்கள் ஆதாரமாகக் காட்டும் ஆய்வே அதை மறுக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது இரத்தத்தில் அவற்றின் போக்கு மாறவில்லை என்று 1998இல் வெளிவந்த வேறொரு ஆய்வும் காட்டியது.

அப்படியானால் விசை ஏன் கூடவில்லை? அதே லூவன் குழு 2002இல் ஒரு விளக்கத்தை முன்வைத்தது. அதைப் புரிந்துகொள்ளத் தசை எப்படி இறுகித் தளர்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

தசை இழையின் உள்ளே கால்சியம் அறைகளில் அடைபட்டிருக்கிறது. நரம்பின் கட்டளை வந்ததும் அது வெளியே பாய, தசை இறுகுகிறது. தளர வேண்டுமானால் அந்தக் கால்சியத்தை மறுபடி உள்ளே இறைத்தாக வேண்டும். இறைக்கும் புரதத்துக்கு ஆற்றல் தேவை. பாஸ்போகிரியேட்டின் நிறைய இருந்தால் ஆற்றல் உடனுக்குடன் கிடைக்கும்; தசை சீக்கிரம் தளர்ந்து அடுத்த இறுக்கத்துக்குத் தயாராகும். கஃபீன் இதற்கு எதிர்த்திசையில், கால்சியம் வெளிவருவதைத் தூண்டும் குணம் கொண்டது. 2002 சோதனையில் கிரியேட்டின் தசை தளரும் நேரத்தைக் குறைத்தது, கஃபீன் அதைக் கூட்டியது, இரண்டும் சேர்ந்தபோது ஒன்றை ஒன்று சமன் செய்துவிட்டன. இறுகித் தளர்ந்து இறுகித் தளர்ந்து செய்யும் தொடர் முயற்சிகளில் இது விசையைப் பாதிக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

இந்த விளக்கம் தர்க்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை அப்படியே காலை டீக்குப் பொருத்துவதில் மூன்று சிக்கல்கள் உள்ளன.

1. கஃபீனின் அளவு. கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்றால் 70 கிலோ எடை உள்ளவருக்கு நாளுக்கு 350 மில்லிகிராம். ஒரு டம்ளர் பால் டீயில் 30 முதல் 50 மில்லிகிராம் வரைதான் இருக்கும். ஃபில்டர் காபியில் டிகாஷனின் அடர்த்தியைப் பொறுத்து ஏறத்தாழ 60 முதல் 100. காலையில் ஒரு டீ, மாலையில் ஒரு காபி குடிப்பவர் அந்தச் சோதனை அளவில் பாதியைக்கூடத் தொடுவதில்லை.

2. ஆய்வின் அமைப்பு. ஒரே ஆட்களே மூன்று கட்டங்களுக்கும் வந்தார்கள். இடையில் விட்டது மூன்று வாரம். கிரியேட்டின் தசையிலிருந்து இறங்க அதைவிட நாளாகும் என்று மேலே பார்த்தோம். ஒரு கட்டத்தின் மிச்சம் அடுத்த கட்டத்தின் முடிவில் கலந்திருக்க இடமுண்டு. ஒன்பது பேர் என்ற எண்ணிக்கையும் சிறிது.

3. பிறகு வந்த முடிவுகள். கிரியேட்டினைச் சில நாள் நிரப்பிவிட்டு, பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு கஃபீன் கொடுத்துப் பார்த்த 2002 ஆய்வு ஒன்றில் ஓட்டத் திறன் கூடியது. அமெரிக்காவில் 2016இல் வெளிவந்த ஆய்வு நம் கேள்விக்கு மிக நெருக்கமானது: 54 ஆண்களைப் பிரித்து, ஐந்து நாள் கிரியேட்டின் மட்டும், கிரியேட்டினோடு 300 மில்லிகிராம் கஃபீன், கிரியேட்டினோடு அதே அளவு கஃபீன் உள்ள காபி, வெற்றுப் பவுடர் என்று கொடுத்தார்கள். குழுக்களுக்கு இடையே வலிமையிலும் வேக ஓட்டத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

கடைசி ஆய்வையும் அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் கிரியேட்டின் மட்டும் எடுத்தவர்களும் வெற்றுப் பவுடர் எடுத்தவர்களைவிடத் தெளிவாக முந்தவில்லை. ஐந்தே நாள் என்பது பலனைப் பார்க்கப் போதாத காலமாக இருந்திருக்கலாம். ஆகவே "கஃபீன் தடுக்கவே இல்லை என்று நிரூபணமாகிவிட்டது" என்று அதை வைத்துச் சொல்வதும் மிகை. இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால் நிற்கும் நிலை இது: தசையில் கிரியேட்டின் சேர்வதைக் கஃபீன் குறைப்பதில்லை, ஓரிரு டம்ளர் டீ, காபி அளவில் பலன் குறையும் என்று நினைக்க ஆதாரம் இல்லை, நாள்தோறும் 300 மில்லிகிராமுக்கு மேல் கஃபீன் எடுப்பவர்களுக்கு மட்டும் கேள்வி கொஞ்சம் திறந்தே இருக்கிறது.

அந்த மூன்றாவது வகையில் தெரியாமலேயே வந்துவிடுபவர்கள் உண்டு. பயிற்சிக்கு முன் குடிக்கும் ப்ரீ வொர்க்அவுட் பவுடர்களில் ஒரு ஸ்கூப்புக்கு 200 முதல் 300 மில்லிகிராம் கஃபீன் வருவது சாதாரணம். அதோடு இரண்டு ஃபில்டர் காபி சேர்ந்தால் 400ஐத் தாண்டிவிடலாம். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளுக்கு 400 மில்லிகிராம்தான் கவலையில்லாத எல்லை என்கிறது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம். அந்த இடத்தில் கிரியேட்டினைவிடத் தூக்கமும் நெஞ்சுப் படபடப்பும்தான் முதல் கவலை. டப்பாவின் லேபிளில் கஃபீன் அளவைப் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

## கலக்கும் முறை

சூட்டாலும் கஃபீனாலும் போவதைவிட அதிகமான கிரியேட்டின் டம்ளரின் அடியிலும் டபராவிலும் ஒட்டிக்கொண்டு தொட்டியில் கழுவப்பட்டுவிடலாம். அதனால் முறைக்குக் கொஞ்சம் கவனம் கொடுப்பது பலன் தரும்.

1. காலி டம்ளரில் முதலில் பவுடரைப் போடுங்கள். 150 மி.லி. டீக்கு 3 முதல் 5 கிராம். நுரை ததும்பும் காபியின் மேல் பவுடரைத் தூவினால் அது நுரையிலேயே கட்டிக்கொண்டு டம்ளரின் ஓரத்தில் வெள்ளை வளையமாக ஒட்டிக்கொள்ளும்; பாலாடை படர்ந்திருந்தால் அதிலும் சிக்கும்.

2. வடிகட்டிய டீயை ஊற்றி, கரண்டியின் முனை அடியைத் தொடும்படி ஒரு நிமிடம் கலக்குங்கள். டபராவில் இரண்டு மூன்று முறை ஆற்றினால் இன்னும் நன்றாகக் கரையும். குடிக்கும் சூட்டுக்கும் இறங்கிவிடும். ஆற்றிய பின் டபராவின் அடியைப் பாருங்கள். வெள்ளைப் பொடி தங்கியிருந்தால் இன்னொரு முறை ஊற்றி எடுக்க வேண்டும்.

3. கலந்த கால் மணி நேரத்துக்குள் குடித்துவிடுங்கள். ஆறவிட்டால் கரைந்தது மறுபடி அடியில் இறங்கும்.

4. கடைசி மடக்கில் நறநறவென்று பட்டால் இரண்டு மூன்று ஸ்பூன் வெந்நீர் விட்டுச் சுழற்றிக் குடியுங்கள். கரையாத துகளும் கிரியேட்டின்தான். விழுங்கினால் குடலில் கரைந்து பலன் தரும்.

ஐஸ் காபியில் கலக்க விரும்புபவர்கள் முதலில் கால் டம்ளர் சூடான டிகாஷனில் பவுடரைக் கலக்கிவிட்டு, குளிர்ந்த பாலைச் சேர்த்து உடனே குடிக்கலாம். வைத்திருந்தால் அடியில் படியும்.

வயிற்றையும் கவனிக்க வேண்டும். கரையாத கிரியேட்டின் அதிகம் போனால் குடலுக்குள் தண்ணீரை இழுக்கும். காபி தன் பங்குக்குக் குடலை முடுக்கும். வெறும் வயிற்றில் இரண்டும் சேர்ந்தால் சிலருக்கு வயிறு இளகும், குறிப்பாக ஒரே வேளையில் 10 கிராம் எடுத்தால். அப்படி நேர்ந்தால் அளவை 3 கிராமாக்கி, இட்லியோ தோசையோ சாப்பிட்ட பிறகு வரும் காபியில் கலந்து பாருங்கள். அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அந்த வேளையை வெந்நீருக்கு மாற்றிவிடலாம். கிரியேட்டினுக்கு டீ, காபியின் துணை தேவையில்லை. இரவுப் பயிற்சிக்குப் பின் எடுப்பவர்களுக்கும் வெந்நீரே நல்லது, தூக்கம் கெடாது.

## இரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது

டம்ளரில் உருவாகும் சொற்ப கிரியேட்டினினைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று பார்த்தோம். உடலுக்குள் நடப்பது வேறு. தசையில் இருக்கும் கிரியேட்டினில் ஒரு சிறு பங்கு தினமும் தானாகவே கிரியேட்டினினாக மாறி இரத்தத்துக்கு வருகிறது. கையிருப்பு கூடும்போது இதுவும் சற்றுக் கூடலாம். சிறுநீரகம் நன்றாக இருந்தும் சீரம் கிரியேட்டினின் எண் வழக்கமான எல்லையின் மேல் ஓரத்தைத் தொடுவதோ தாண்டுவதோ நடக்கும். அந்த எண்ணை வைத்துக் கணக்கிடும் சிறுநீரக வடிகட்டல் திறனும் குறைவாகக் காட்டும்.

பரிசோதனைக்கு முன்பே மருத்துவரிடம் "தினமும் இத்தனை கிராம் கிரியேட்டின் எடுக்கிறேன்" என்று அளவோடு சொல்லிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் கிரியேட்டினால் பாதிக்கப்படாத சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனையை அவர் எழுதித் தர முடியும். ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர்கள் டீயிலோ தண்ணீரிலோ கலந்து தொடங்குவதற்கு முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.